ஒரே வளாகம், ஒரே செய்தி, நான்கு கடிதங்கள்: சொல்லை மாற்றினால் மட்டும் தொனி ஏன் மாறுவதில்லை

நான் குடியிருக்கும் சென்னை அடுக்குமாடி வளாகத்தில் ஒரு மழைக்கால வாரத்தில் நடந்தது இது. செவ்வாய்க்கிழமை இரவு முழுக்க மழை. புதன்கிழமை காலை குழாயைத் திறந்தவர்களுக்குத் தண்ணீரில் ஒரு வாடை தெரிந்தது. காலை ஏழு மணிக்கெல்லாம் சங்கச் செயலாளர் ஒரு கடிதத்தை அச்செடுத்து, லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்த பலகையில் ஒட்டிவிட்டார். வேகமாகவும் பொறுப்பாகவும்தான் செய்தார். ஆனால் எட்டு மணிக்குள் சங்க அலுவலகத்தின் முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. தரைத்தளத்தில் இருக்கும் ஒரு பாட்டி, கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, இந்தத் தண்ணிய குடிக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லு."

அந்தக் கடிதத்தில் அதற்குப் பதில் இருந்தது. பாட்டிக்குப் படிக்கத் தெரியும், கண்ணும் நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் பதில் அவரிடம் போய்ச் சேரவில்லை. அன்று பகலுக்குள் அந்தக் கடிதம் நான்கு வடிவம் எடுத்தது. இருபது வருடமாகப் பிழை திருத்துவதும் அடுத்தவர் எழுத்தைச் செப்பனிடுவதும்தான் என் வேலை என்பதால், கடைசி இரண்டு வடிவங்களில் எனக்கும் பங்கு இருந்தது. அவற்றில் ஒன்று நான் செய்த தவறு. நான்கையும் வரிசையாக வைத்துப் பார்க்கலாம்.

முதல் கடிதம்

"மரியாதைக்குரிய குடியிருப்போருக்கு, கடந்த செவ்வாய்க்கிழமை இரவு பெய்த கனமழையின் காரணமாக நமது வளாகத்தின் தரைத்தொட்டியில் கழிவுநீர் கலந்துவிட்டதாகச் சந்தேகிக்கப்படுவதால், தொட்டியைச் சுத்தம் செய்யும் பணி முடிவடையும் வரை குடியிருப்போர் அனைவரும் குழாய்நீரைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் பயன்படுத்துவதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். இதனால் ஏற்பட்டுள்ள சிரமத்திற்குச் சங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது."

அழைப்பை விட்டுவிட்டு எண்ணினால் முதல் வாக்கியத்தில் 26 சொற்கள். அவற்றில் குழாய்நீர் என்ற சொல் 21ஆவதாக வருகிறது. 'தவிர்க்குமாறு' 25ஆவது. தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். அதனால் படிப்பவர் 'பெய்த', 'கலந்துவிட்டதாக', 'படுவதால்', 'செய்யும்', 'முடிவடையும்' என்று ஒவ்வொன்றையும் கையில் பிடித்துக்கொண்டே போக வேண்டும். கடைசி வினை வந்த பிறகுதான் எல்லாவற்றையும் இறக்கிவைக்க முடியும். பாட்டி இரண்டு முறை படித்ததற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 'சந்தேகிக்கப்படுவதால்' என்கிறது கடிதம். யார் சந்தேகிக்கிறார்கள்? 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்கிறது. யார் கேட்டுக்கொள்கிறார்கள்? 'தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.' வருத்தப்படுகிறவர் யாரும் அங்கே இல்லை. வாக்கியத்தில் ஆளே இல்லாதபோது, படிக்கிறவர் ஒரு அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்கிறார். செயலாளர் மூன்று வீடு தள்ளி இருக்கிறவர், தினமும் வணக்கம் சொல்கிறவர். கடிதத்தில் இருந்தவரோ வேறு யாரோ.

இரண்டாவது கடிதம்

கூட்டத்தைப் பார்த்ததும் செயலாளருக்கு மனம் சங்கடமாகிவிட்டது. "கடிதம் கொஞ்சம் கடினமா இருக்கு போல" என்று சொல்லி, இரண்டாம் மாடியில் இருக்கும் ஒரு சங்க உறுப்பினரிடம் கொடுத்தார். அவர் தமிழில் நிறையப் படித்தவர், உண்மையான ஆர்வம் உள்ளவர். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல் சொல்லாக மாற்றினார். பதினோரு மணிக்கு இது பலகையில் ஏறியது:

"மதிப்பிற்குரிய குடியிருப்பாளர்களுக்கு, சென்ற செவ்வாய்க்கிழமை இரவு கொட்டிய பெருமழையின் விளைவாக நம் வளாகத்தின் நிலத்தடித் தொட்டியில் சாக்கடை நீர் கலந்துவிட்டதாக ஐயுறப்படுவதால், தொட்டியைத் தூய்மை செய்யும் வேலை நிறைவடையும் வரை குடியிருப்பாளர்கள் யாவரும் குழாய்த் தண்ணீரை அருந்துவதற்கும் சமைப்பதற்கும் உபயோகிப்பதைக் கைவிடுமாறு வேண்டிக்கொள்ளப்படுகிறார்கள். இதனால் உண்டாகியுள்ள இன்னலுக்குச் சங்கத்தின் சார்பில் மன வருத்தம் வெளிப்படுத்தப்படுகிறது."

23 இடங்களில் சொல் மாறியிருக்கிறது. பார்வைக்குப் புதுக் கடிதம் போலத்தான் இருந்தது. ஆனால் கூட்டம் குறையவில்லை, கோபம் கூடியது. ஒருவர் "சாக்கடைத் தண்ணின்னு காலையில ஏன் சொல்லல? எதையோ மறைச்சிருக்கீங்க" என்றார். காலையில் 'கழிவுநீர்' என்று எழுதியிருந்தது அவர் நினைவில் நிற்கவே இல்லை.

சொல்லை மாற்றியபோது என்ன நடந்தது என்று பார்ப்போம். அகராதியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சொற்கள் வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதில்லை. 'கழிவுநீர்' என்றால் மாநகராட்சி நினைவுக்கு வருகிறது. 'சாக்கடை' என்றால் மூக்கு நினைவுக்கு வருகிறது. 'தவிர்' என்பது கொஞ்ச நாளைக்கு விலகியிருப்பது, 'கைவிடு' என்பது மொத்தமாக விட்டுவிடுவது. 'சிரமம்' மூன்று நாள் தண்ணீர் தூக்குவது, 'இன்னல்' அதைவிடப் பெரியது. 'அருந்து' என்று எழுதிவிட்டு அதே வரியில் 'உபயோகி' என்று எழுதினால், ஒரு காலில் செருப்பும் மறு காலில் ஷூவும் போட்டதுபோல் ஆகிவிடுகிறது. முதல் கடிதத்தில் எல்லாச் சொற்களும் ஒரே அலுவலக நடையில் இருந்தன. மாற்றிய பிறகு அந்த ஒற்றுமையும் போய்விட்டது.

நம் மொழியில் இது புதிய செய்தி இல்லை. ஈ, தா, கொடு மூன்றுமே கேட்டு வாங்குவதற்கான சொற்கள்தான். ஆனால் தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்பது 'ஈ', ஒப்பானவரிடம் கேட்பது 'தா', உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் கேட்பது 'கொடு' என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பொருளுக்குப் பல சொல் இருப்பது உண்மை. ஒன்றின் நாற்காலியில் இன்னொன்று உட்கார முடியாது என்பதும் அதே அளவு உண்மை.

ஆனால் இரண்டாவது கடிதம் தோற்றதற்குப் பெரிய காரணம் தவறான சொற்கள் இல்லை என்று நினைக்கிறேன். 23 சொற்களும் மிகச் சரியாகவே விழுந்திருந்தாலும் கடிதம் தோற்றிருக்கும். ஏனென்றால் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. மழை முதலில் வருகிறது, தண்ணீர் கடைசியில் வருகிறது, ஆள் வரவே இல்லை. முதல் வாக்கியம் 26 சொல்லிலிருந்து 29 ஆக வளர்ந்துவிட்டது. 'தவிர்க்குமாறு' 25ஆவது இடத்தில் இருந்தது, 'கைவிடுமாறு' 28ஆவது இடத்துக்குப் போய்விட்டது. பாட்டிக்கு வேண்டிய பதில் இன்னும் மூன்று சொல் தள்ளிப் போனது.

இதைக் கண்டுபிடிக்க நான் வழக்கமாகச் செய்யும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு தாளில் வாக்கியங்களின் முற்றுகளை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிடுவேன். முதல் கடிதத்தில் கிடைப்பவை: கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள், தெரிவித்துக்கொள்ளப்படுகிறது. இரண்டாவதில்: வேண்டிக்கொள்ளப்படுகிறார்கள், வெளிப்படுத்தப்படுகிறது. 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்பதைத் தமிழ் முறையில் எழுத்தெண்ணினால் 15. 'வேண்டிக்கொள்ளப்படுகிறார்கள்' என்பதும் 15. சொல்லின் தலை மட்டும்தான் மாறியிருக்கிறது. வாய்விட்டுப் படித்தால் இரண்டும் ஒரே இடத்தில் ஏறி, ஒரே இடத்தில் இழுத்து, ஒரே இடத்தில் விழுகின்றன. காதுக்கு அது அதே கடிதம்தான். தொனி என்பது பெரும்பாலும் இந்த வால்களில் இருக்கிறது. அகராதியைப் புரட்டுகிறவர் வாலைத் தொடுவதே இல்லை.

நடுவில் ஒரு சோதனை

மதியம் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். அவர் ஓய்வுபெற்ற அரசு அலுவலர். "தம்பி, சொல்லெல்லாம் மாத்தியாச்சு. இன்னும் என்ன பண்ணணும்னு தெரியல" என்றார். நான், "சார், இப்போ சொல்லை மாத்தாம பார்க்கலாம்" என்றேன். அவருடைய முதல் கடிதத்தையே எடுத்து, அவருடைய சொற்களையே வைத்து, வாக்கியத்தை மட்டும் உடைத்துக் காட்டினேன்:

"குழாய்நீரைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் பயன்படுத்துவதைத் தவிர்க்கவும். தரைத்தொட்டியில் கழிவுநீர் கலந்துவிட்டதாகச் சந்தேகிக்கிறோம். தொட்டியைச் சுத்தம் செய்யும் பணி முடிவடையும் வரை இந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்."

இதில் புதுச்சொல் என்று பார்த்தால் 'இந்த', 'பொறுத்துக்கொள்ளுங்கள்' இரண்டுதான். நடை இன்னும் அலுவலக நடைதான், 'குழாய்நீர்' இன்னும் யாரும் பேசாத சொல்தான். ஆனாலும் படித்த மாத்திரத்தில் விஷயம் புரிகிறது. 'சந்தேகிக்கப்படுவதால்' என்பது 'சந்தேகிக்கிறோம்' ஆனதும் ஒரு மனிதர் வந்து நிற்கிறார். சொல்லை மாற்றி வாக்கியத்தை விட்டபோது எதுவும் நகரவில்லை, வாக்கியத்தை மாற்றிச் சொல்லை விட்டபோது நகர்ந்தது. செயலாளர் அதைத் தாமே இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். "மூச்சு வாங்கல" என்றார். அவர் சொன்னது மிகச் சரி. முதல் கடிதத்தில் ஒரே ஒரு காற்புள்ளிதான். அதற்கு முன்னால் 12 சொல், அதற்குப் பின்னால் 14 சொல். நடுவில் நிற்க இடமே இல்லை.

மூன்றாவது கடிதம்: என் தவறு

நீளம்தான் சிக்கல் என்று தெரிந்துவிட்டதல்லவா, அவசரமும் சேர்ந்துகொண்டது. எல்லாவற்றையும் குறுக்கிவிட்டேன்:

"குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். சமைக்காதீர்கள். தொட்டியில் கழிவுநீர் கலந்திருக்கிறது. செவ்வாய் இரவு மழை பெய்தது. மூடி சரியாக இல்லை. தொட்டியைச் சுத்தம் செய்கிறோம். சனிக்கிழமை வரை பொறுத்துக்கொள்ளுங்கள். வருந்துகிறோம்."

எட்டு வாக்கியம், ஒன்றுகூட நான்கு சொல்லைத் தாண்டவில்லை. எளிமையாக இருக்கிறது என்று நினைத்தேன். செயலாளர் படித்துவிட்டு, "விடுதி வார்டன் பேசற மாதிரி இருக்கே தம்பி" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார்.

தமிழில் குறுவாக்கியம் ஒவ்வொன்றும் முற்றில் முடியும்போது குரல் ஒரு படி இறங்குகிறது. ஒரு முறை இறங்கினால் அது உறுதி. எட்டு முறை தொடர்ந்து இறங்கினால் அது அதட்டல். 'காதீர்கள்' அடுத்தடுத்து இரண்டு முறை வந்ததும் குழந்தைகளை மிரட்டுவதுபோல் ஆகிவிட்டது. மழை பெய்தது, மூடி சரியில்லை, சுத்தம் செய்கிறோம் என்பவை ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத தகவல்கள் போல நிற்கின்றன. மழைக்கும் மூடிக்கும் என்ன சம்பந்தம் என்று படிக்கிறவரே முடிச்சுப் போட வேண்டியிருக்கிறது. நம் மொழியில் அந்த முடிச்சைப் போடுவது எச்சங்கள். 'நிரம்பி', 'வழிந்து', 'இறங்கி' என்று போகும்போது ஒன்றிலிருந்து ஒன்று நடப்பது தெரியும். எச்சங்களை முழுக்க வெட்டினால் காரணமும் வெட்டுப்பட்டுவிடும்.

பொருளும் கெட்டுப்போயிருந்தது. 'சமைக்காதீர்கள்' என்று தனியாக நிற்கும்போது அடுப்பே பற்றவைக்கக்கூடாது என்றாகிறது. 'தண்ணீரைக் கொண்டு' என்ற உறவு முந்தைய வாக்கியத்திலேயே தங்கிவிட்டது. அப்புறம் அந்த 'வருந்துகிறோம்'. அதற்கு முன்னால் இருப்பவை, 'சமைக்காதீர்கள்' தவிர, எல்லாம் மூன்று நான்கு சொல் வாக்கியங்கள். அந்த வரிசையில் ஒரே ஒரு சொல்லாக வந்து நிற்கும்போது, கதவைச் சாத்திக்கொண்டு போகிறவர் சொல்வதுபோல் கேட்கிறது. மன்னிப்புக் கேட்கிற இடம் கடிதத்திலேயே மிக அலட்சியமான இடமாகிவிட்டது. நான் அதை மனதாரத்தான் எழுதினேன். ஆனால் வரிசை வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது.

நான்காவது கடிதம்

அப்புறம்தான் செய்ய வேண்டியதை முதலில் செய்தோம். கடிதத்தில் எத்தனை வேலை இருக்கிறது என்று பிரித்தோம். மூன்று இருந்தன. ஒன்று, இதைச் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள் என்று சொல்வது. இரண்டு, என்ன நடந்தது, அதில் எங்கள் பங்கு என்ன என்று சொல்வது. மூன்று, இனி என்ன நடக்கும் என்று சொல்வது. மூன்றுக்கும் மூன்று வேகம் வேண்டும். முதல் கடிதம் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் ஓடவிட்டது. என் கடிதம் மூன்றையும் ஒரே வெட்டில் வெட்டியது. மாலை மூன்று மணிக்கு ஒட்டியது இது:

"குடியிருப்போருக்கு வணக்கம்.

குழாயில் வரும் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பல் துலக்கவோ பயன்படுத்த வேண்டாம். கழிப்பறைக்கும் தரை கழுவவும் பயன்படுத்தலாம். இன்று மாலையிலிருந்து தினமும் வீட்டுக்கு ஒரு கேன் குடிதண்ணீர் சங்கச் செலவில் வரும்.

செவ்வாய்க்கிழமை இரவு பெய்த மழையில் வளாகத்துக்குள் தேங்கிய தண்ணீர், கழிவுநீர்க் குழியை நிரப்பி, அங்கிருந்து வழிந்து, சம்ப் மூடியில் இருந்த விரிசல் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. மூடியில் விரிசல் இருப்பதை இரண்டு மாதத்துக்கு முன்பே எங்களிடம் சொன்னார்கள். நாங்கள் மாற்றவில்லை. மாற்றியிருக்க வேண்டும்.

நாளை சம்ப்பையும் மேல்தொட்டிகளையும் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து, சோதனைக்கு அனுப்புகிறோம். முடிவு வர இரண்டு நாள் ஆகும். குடிக்கலாம் என்று நாங்கள் எழுதி ஒட்டும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று இரவுக்குப் பிறகு குழாய்த் தண்ணீர் குடித்தவர்களில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள், அலுவலகத்திலும் சொல்லுங்கள்."

முதல் பத்தியைப் பாருங்கள். 'வேண்டாம்' ஒன்பதாவது சொல்லாக வந்துவிடுகிறது. குடிக்கவோ, சமைக்கவோ, பல் துலக்கவோ என்று மூன்று முறை 'வோ' வருவதால் மூன்றையும் சமமாக எண்ணிக்கொண்டு போக முடிகிறது. மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு 'வேண்டாம்' இருப்பதால் அதட்டல் இல்லை. உடனே அடுத்த வாக்கியம் 'பயன்படுத்தலாம்' என்று முடிகிறது. ஒரு மறுப்புக்கு ஒரு அனுமதி. குரல் இறங்கிய இடத்திலேயே நின்றுவிடாமல் கொஞ்சம் தளர்கிறது. தகவல் என்ற முறையில் அந்த அனுமதி அவசியம், காதுக்கும் அவசியம்.

இரண்டாவது பத்தியில்தான் நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம். அதன் வாக்கியங்களின் நீளம் 19, 8, 2, 2. முதல் வாக்கியம் கடிதத்திலேயே நீளமான வாக்கியங்களில் ஒன்று, ஆனால் பாட்டிக்கு அது சிரமம் தரவில்லை. முதல் கடிதத்தின் 26 சொல்லுக்கும் இந்த 19 சொல்லுக்கும் வித்தியாசம் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. அங்கே 'படுவதால்', 'முடிவடையும் வரை', 'தவிர்க்குமாறு' என்று ஒவ்வொரு கண்ணியும் வேறு வேறு திசையில் இழுத்தது. ஒன்று காரணம், ஒன்று காலம், ஒன்று வேண்டுகோள். எழுவாயும் மாறிக்கொண்டே இருந்தது: கழிவுநீர், பணி, குடியிருப்போர். இங்கே தண்ணீர் ஒன்றுதான் எழுவாய். அது தேங்கி, நிரப்பி, வழிந்து, இறங்குகிறது. நடந்த வரிசையிலேயே எச்சங்கள் நிற்கின்றன. தண்ணீர் போன பாதையிலேயே வாசகரும் போய்விடுகிறார். ஒரே எழுவாய், ஒரே திசை, நடந்த வரிசை என்ற மூன்றும் இருந்தால் தமிழில் நீளமான வாக்கியத்தை யாரும் சுமையாக நினைப்பதில்லை. கதை சொல்கிற பாட்டிகள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்: போனான், என்று நிறுத்தமாட்டார்கள், போயி, பாத்து, எடுத்து, என்று இழுத்துக்கொண்டுதான் போவார்கள்.

அந்த நீண்ட வாக்கியம் முடிந்த பிறகு எட்டு சொல், பிறகு இரண்டு, பிறகு இரண்டு. இறங்குபடி மாதிரி. 'நாங்கள் மாற்றவில்லை' என்பது முழுக் கடிதத்திலும் கனமான இடம். அந்தக் கனம் அந்த இரண்டு சொல்லிலிருந்து வரவில்லை, அதற்கு முன்னால் போன 19 சொல்லிலிருந்து வருகிறது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு சட்டென்று நின்றால்தான் நின்றது தெரியும். நான் எழுதிய மூன்றாவது கடிதத்தில் இதே இரண்டு சொல்லைப் போட்டால் எட்டோடு ஒன்பதாகக் கரைந்து போயிருக்கும். முதல் கடிதத்தின் நடையில் இதைப் போட்டால் 'மூடி மாற்றப்படாமல் இருந்ததன் காரணமாக' என்று ஒரு மூலையில் ஒளிந்துகொண்டிருக்கும். சொல்லளவில் மூன்றும் ஒரே ஒப்புதல்தான். ஆனால் ஒன்றில்தான் ஒப்புக்கொண்டது போல் கேட்கிறது.

இந்த இடத்தில் எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. நான் முதலில் எழுதியது 'நாங்கள் மாற்றவில்லை. தவறு எங்களுடையது.' செயலாளர் தயங்கினார். "எழுத்துல 'தவறு'ன்னு போட்டா நாளைக்கு யாராவது கேஸ் போட்டா சங்கம் மாட்டிக்கும்." அவருடைய பயம் நியாயமானதுதான், சங்கத்தில் அவர் ஒருவர் மட்டும் இல்லை. வேறு யாராவது என்றால் இங்கேயும் இணைச்சொல் தேடியிருப்பார்கள்: தவறுக்குப் பதில் குறை, பிழை, கவனக்குறைவு. அவற்றையும் போட்டுப் பார்த்தோம். 'குறை எங்களுடையது' என்றால் யாரோ புகார் சொல்வதுபோல் இருந்தது. 'கவனக்குறைவு எங்களுடையது' என்பதில் நான்கு சொல்லின் எடை ஒரு சொல்லில் ஏறி, படி இடறியது. அப்போதுதான் அந்த இடத்துக்குச் சொல்லைவிட அளவுதான் முக்கியம் என்று புரிந்தது. இரண்டே சொல், குறுகிய முற்று, முந்தைய வாக்கியத்தின் வினையிலிருந்தே பிறக்க வேண்டும். 'மாற்றவில்லை' என்பதிலிருந்து 'மாற்றியிருக்க வேண்டும்' வந்தது. தவறு என்ற சொல் கடிதத்தில் எங்குமே இல்லை. ஆனால் படித்த யாருக்கும் அது இல்லாதது தெரியவில்லை. செயலாளரும் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். 'வருந்துகிறோம்' என்பதையும் எடுத்துவிட்டோம், தேவைப்படவில்லை.

சொல் மாற்றம் உதவிய இரண்டு இடங்கள்

சொல்லை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தரைத்தொட்டி, நிலத்தடித் தொட்டி இரண்டையும் விட்டுவிட்டு 'சம்ப்' என்று போட்டோம். எங்கள் வளாகத்தில் பிளம்பர் முதல் குழந்தைகள் வரை எல்லாரும் அதை அப்படித்தான் சொல்கிறார்கள். 'குழாய்நீர்' என்பதும் 'குழாயில் வரும் தண்ணீர்' ஆனது. ஆனால் இவை வாக்கியங்கள் முடிவான பிறகு, கடைசிப் பத்து நிமிடத்தில் செய்த மாற்றங்கள். வரிசை அதுதான். முதலில் எந்தச் செய்தி முன்னால் வரும், எது நீளும், எது நிற்கும் என்று முடிவு செய்ய வேண்டும். சொல்லை அதன் பிறகு பார்க்கலாம். முதலில் சொல்லைத் தொட்டால், பிறகு வாக்கியத்தை உடைக்கும்போது அந்தச் சொற்களில் பாதி தேவையற்றுப் போய்விடும். 'ஐயுறப்படுவதால்' என்பதற்கு அந்த உறுப்பினர் எவ்வளவு நேரம் யோசித்திருப்பார்! நான்காவது கடிதத்தில் அந்த இடமே இல்லை.

ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் அழகில்லை என்ற எண்ணமும் சொல் மாற்றத்துக்குத் தூண்டுகிறது. இரண்டாவது கடிதத்தில் ஒரே வாக்கியத்தில் நீர், தண்ணீர் இரண்டும் வந்தன. படிக்கிறவர் ஒரு கணமாவது இவை இரண்டும் ஒன்றா என்று நினைத்துவிட்டுத்தான் போவார். அறிவிப்பில் அந்தக் கணம் வீண். நான்காவது கடிதத்தில் குழாயில் வருவது, தேங்கியது, புதிதாகப் பிடிப்பது எல்லாமே தண்ணீர்தான். 'கழிவுநீர்க் குழி' என்ற கூட்டுச்சொல்லில் மட்டும் 'நீர்' இருக்கிறது. யாருக்கும் சலிக்கவில்லை.

எண்ணிக்கையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நான் இங்கே சொல்லெண்ணிக்கை கொடுத்திருப்பது நடந்ததைக் காட்டத்தான். 'ஒரு வாக்கியத்துக்கு இத்தனை சொல்' என்று ஒரு விதியாக வைத்துக்கொண்டால் தமிழில் ஏமாந்துபோவோம். நம் சொற்கள் ஒட்டுகளைச் சேர்த்துச் சேர்த்து வளர்பவை. ஏழே சொல்லில் முடிந்த 'இதனால் ஏற்பட்டுள்ள சிரமத்திற்குச் சங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது' என்பது எண்ணிக்கையில் சின்னது, காதில் மிக நீளமானது. முற்றுகளைத் தனியாக எழுதிப் பார்ப்பது, எழுவாய் எத்தனை முறை மாறுகிறது என்று குறித்துப் பார்ப்பது, வாய்விட்டுப் படித்து மூச்சு எங்கே தேவைப்படுகிறது என்று பென்சிலால் கோடு போடுவது: இந்த மூன்றும் எண்ணுவதைவிட நம்பகமானவை. கோடு போட்ட இடத்தில் நிறுத்தற்குறி இல்லையென்றால் அங்கே வாக்கியம் உடைய வேண்டும். நிறுத்தற்குறி இருந்தும் மூச்சு தேவைப்படவில்லையென்றால் அங்கே இரண்டு வாக்கியத்தைச் சேர்க்கலாம்.

சனிக்கிழமை

நான்காவது கடிதம் ஒட்டிய பிறகும் அலுவலகத்துக்கு ஆட்கள் வந்தார்கள். ஆனால் கேள்வி மாறிவிட்டது. கேன் எத்தனை மணிக்கு வரும், ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு ஒன்று போதுமா, காலி கேனை எங்கே வைப்பது. ஐந்து பேர் வீட்டுக்கு ஒன்று போதவில்லை, வியாழக்கிழமை அதை இரண்டாக்கினோம். மூடியைப் பற்றி இரண்டு பேர் கடுமையாகவே பேசினார்கள். செயலாளர் நின்று கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை சோதனை முடிவு வந்தது. அந்த அறிவிப்பைச் செயலாளரே எழுதினார், என்னிடம் காட்டவில்லை. நான் பலகையில்தான் பார்த்தேன்:

"சம்ப்பையும் மேல்தொட்டிகளையும் கழுவி, மூடியை மாற்றி, தண்ணீரைச் சோதித்துப் பார்த்துவிட்டோம். முடிவுத் தாள் கீழே ஒட்டியிருக்கிறது. குடிக்கலாம்."

என் மூன்றாவது கடிதத்திலும் கடைசி வாக்கியம் ஒரே சொல்தான். அங்கே 'வருந்துகிறோம்' கதவைச் சாத்தியது. இங்கே 'குடிக்கலாம்' என்பதற்கு முன்னால் கழுவி, மாற்றி, சோதித்து என்று மூன்று நாள் வேலை ஒரே வாக்கியத்தில் போகிறது. அதோடு, நாங்கள் எழுதி ஒட்டும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று புதன்கிழமை சொன்னோமே, அந்தச் சொல்லும் இதுதான். தரைத்தளத்துப் பாட்டி படித்துவிட்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்து குடத்தை வைத்தார்.